படத்தில் இருப்பது எந்தப் பாகம்? பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் சிறிய பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். காலையில் கைபேசியைத் திறந்தால் வணக்கத்துக்கு முன்பே ஒரு படம் வந்து நிற்கும். "அண்ணன், இது கம்ப்ரசர்தானே? என்ன விலை?" என்று கீழே ஒரு வரி இருக்கும். பாதிப் படங்களில் இருப்பது அவர்கள் சொல்லும் பாகம் அல்ல. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்ததால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

படம் எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு மூன்று படங்கள் வேண்டும். முதலாவது, இரண்டு அடி தள்ளி நின்று பாகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்படி. இரண்டாவது, கிட்டே போய் அதில் வந்து சேரும் வயர்களும் குழாய்களும் தெரியும்படி. மூன்றாவது, அதில் ஒட்டியிருக்கும் லேபிள். லேபிளுக்கு நேராகப் பிளாஷ் அடித்தால் வெள்ளையாகத்தான் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் எழுத்து தெளியும்.

எதையும் கழற்றுவதற்கு முன்பு எடுங்கள் என்பதுதான் நான் கெஞ்சிக் கேட்பது. கழற்றி மேசையில் வைத்த பாகம் அநாதைப் பிள்ளை போல. எங்கிருந்து வந்தது, யாரோடு சேர்ந்திருந்தது என்று எதுவும் சொல்லாது. ஒரு பாகத்தை அதன் உருவத்தை வைத்து அடையாளம் காண்பதைவிட, அதற்குள் என்ன போகிறது, அதிலிருந்து என்ன வருகிறது என்று பார்த்து அடையாளம் காண்பது சுலபம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

பிரிட்ஜின் பின்பக்கம் கீழே இருக்கும் கறுப்புக் குண்டுதான் கம்ப்ரசரா?

ஆம். கறுப்பு வண்ணம் பூசிய இரும்புக் குடம் கவிழ்ந்திருப்பது போல, நான்கு ரப்பர் பாதங்களில் உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் குழாய்களை எண்ணுங்கள். சற்றுத் தடித்த ஒரு குழாய் பிரிட்ஜின் உள்ளிருந்து வாயுவைக் கொண்டுவரும். ஓடும்போது அது குளிர்ந்தோ சாதாரணமாகவோ இருக்கும். மெல்லிய இன்னொன்று அழுத்திய வாயுவை வெளியே தள்ளும். அதைத் தொட்டால் சுடும். மூன்றாவது எங்கும் போகாமல் நுனி நசுக்கி அடைக்கப்பட்டு முடிந்திருக்கும். அது வாயு நிரப்புவதற்கான வழி. "இந்தக் குழாய் உடைந்து தொங்குகிறது" என்று மாதத்துக்கு ஒருவராவது பதறிப்போய் படம் அனுப்புகிறார்கள். உடையவில்லை, பிறந்ததே அப்படித்தான்.

கம்ப்ரசரின் தலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அது உள்ளே உருகும் பனித்தண்ணீர் வந்து விழுந்து, கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகும் இடம். மழைக்காலத்தில் நம் பக்கத்து ஈரத்துக்கு அது சீக்கிரம் காயாது. அதில் தண்ணீர் நிற்பது பழுதல்ல.

கம்ப்ரசரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டி என்ன? அதுதான் தெர்மோஸ்டாட்டா?

இல்லை. அந்த மூடியின் உள்ளே இரண்டு பாகங்கள் இருக்கும். ஒன்று ஸ்டார்ட் ரிலே: கம்ப்ரசரின் மூன்று ஊசிகளில் நேராகக் குத்தியிருக்கும் சதுரமான சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. மற்றொன்று ஓவர்லோட்: சட்டைப் பொத்தானைவிடப் பெரிய, வட்டமான கறுப்புப் பாகம். கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானாலோ அதிக மின்சாரம் இழுத்தாலோ ஓவர்லோட் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இந்தப் பெட்டியை அறிந்து வைத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பிரிட்ஜ் "ம்ம்ம்" என்று சில வினாடி முனகி, "டிக்" என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடியும் அதையே செய்தால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது என்று பொருள். பலரும் உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றி, ரிலேயை மெதுவாக இழுத்தெடுத்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பீங்கான் வில்லை உடைந்திருந்தால் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். கருகிய வாடையும் வரும். ரிலேயின் விலை கம்ப்ரசரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒலி இல்லாவிட்டாலும் ரிலே நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒலித்தால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டான்.

எங்கள் கம்ப்ரசரில் ரிலே இல்லை. ஒரு பச்சைப் பலகைதான் இருக்கிறது. யாராவது எடுத்துவிட்டார்களா?

யாரும் எடுக்கவில்லை. உங்களுடையது இன்வெர்ட்டர் வகை. அதன் மோட்டாரைக் கிளப்புவதும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் அந்தப் பலகைதான். முந்தைய பதிலில் சொன்ன குலுக்கும் சோதனைக்கு இதில் வேலையில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் பலகையில் சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே மூடியோடு படம் எடுங்கள், கையை வைக்காதீர்கள். வெதுவெதுப்புக்காகப் பல்லி உள்ளே புகுந்து பலகையோடு எரிந்துபோன படங்கள் என்னிடம் ஏராளம்.

லேபிளில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீ எரிவது போல் படம் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த லேபிளில் R600a என்று இருக்கும். ஐசோபியூட்டேன் என்னும் எரியக்கூடிய வாயு. வீட்டுப் பிரிட்ஜில் இது சில பத்து கிராம்தான், அதுவும் அடைத்த குழாய்க்குள் இருக்கிறது. ஆகவே சாதாரணமாகப் பயன்படுத்த எந்தப் பயமும் வேண்டாம். குழாயை வெட்டி நெருப்புக் காட்டி ஒட்டும் வேலைக்குத்தான் பயம். இதற்குப் பதிலாக R134a என்னும் வேறு வாயுவைப் போட்டு நிரப்பி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கம்ப்ரசரும் தன் வாயுவுக்கென்று செய்யப்பட்டது.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கும்? படத்தில் எப்படித் தெரியும்?

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் திருப்புகிறோமே, அந்தக் குமிழின் பின்னால் இருக்கும். பெரும்பாலும் விளக்கு இருக்கும் அதே பிளாஸ்டிக் கூட்டுக்குள். தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி, ஒரு பக்கம் குமிழ் மாட்டும் தண்டு, இன்னொரு பக்கம் வயர் குத்தும் தட்டையான முனைகள். முனைகளுக்குப் பக்கத்தில் 3, 4, 6 போன்ற எண்கள் அச்சடித்திருக்கும். உடம்பில் K59 அல்லது 077B என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உண்மையான அடையாளம் அதிலிருந்து வால் போல் நீளும் மெல்லிய உலோகக் குழாய். பேனாவின் மைக்குச்சியைவிட ஒல்லி. வயர் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே செம்புக் கம்பி இல்லை, வாயுதான் இருக்கிறது. வாலின் நுனி பிரீசர் தகட்டில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். தகடு குளிர்ந்தால் வாயு சுருங்கி, பெட்டிக்குள் இருக்கும் தொடுமுனை விலகி, கம்ப்ரசர் நிற்கும். வாலை மடித்து ஒடித்துவிட்டால் வாயு போய்விடும். பிறகு எப்போதும் "நன்றாகக் குளிர்ந்துவிட்டது" என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், கம்ப்ரசர் கிளம்பாது. கத்தியால் பனிக்கட்டியைக் குத்தி எடுக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

எங்கள் இரட்டைக் கதவுப் பிரிட்ஜில் குமிழைக் கழற்றினால் பின்னால் ஒரு வயர்கூட இல்லை. தெர்மோஸ்டாட்டைத் திருடிவிட்டார்களா?

பழுதுபார்த்தவரைத் திட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். பனி பிடிக்காத வகைப் பிரிட்ஜில் குளிர் உண்டாவது பிரீசரில் மட்டும். ஒரு விசிறி அந்தக் குளிர்க்காற்றைக் கீழ்ப்பகுதிக்குத் தள்ளும். உங்கள் கையில் இருக்கும் குமிழ் அந்தக் காற்று வரும் ஓட்டையைத் திறந்து மூடும் சின்னக் கதவு. வயர் இல்லை, வாலும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் அல்லது தெர்மோகோல் மடிப்புத்தான். உண்மையான தெர்மோஸ்டாட் இன்னொரு பகுதியில் இருக்கும். அல்லது உங்களுடையது எண்கள் காட்டும் வகையென்றால் தெர்மோஸ்டாட்டே இருக்காது. ஒரே நிறத்தில் இரண்டு மெல்லிய வயர் கொண்ட, துப்பாக்கி ரவை போன்ற சின்னப் பிளாஸ்டிக் உணரி குளிரை அளந்து பலகைக்குச் சொல்லும்.

பிரீசரின் உள் தகட்டைக் கழற்றியபோது நாணயக் குற்றி அளவில் வட்டமாக ஒன்று குழாயில் கவ்வியிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு இல்லை. போய்விட்டதா?

படத்தில் இரண்டு வயரும் ஒரு கவ்வியும் தெரிந்தால் அது பனி உருக்கும் தெர்மோஸ்டாட். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. குமிழின் பின்னால் இருப்பது கம்ப்ரசரை நிறுத்துகிறது. இந்த வட்டமானது பனி உருக்கும் ஹீட்டரை நிறுத்துகிறது. கடையில் "தெர்மோஸ்டாட் ஒன்று" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருமோ தெரியாது.

இது குளிரில் மூடி, சூட்டில் திறக்கும். சாதாரண அறையில் வெளியே எடுத்து மீட்டர் வைத்தால் இணைப்பு இல்லை என்றுதான் காட்டும். அதுதான் சரியான நிலை. எத்தனையோ பேர் நல்ல பாகத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய ஐஸும் இரண்டு கைப்பிடி உப்பும் போட்டு, பாகத்தைச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டி அதற்குள் அரை மணி நேரம் புதைத்து வையுங்கள். எடுத்த உடனே மீட்டர் வைத்தால் இணைப்பு காட்ட வேண்டும். அப்போதும் காட்டாவிட்டால் மாற்றுங்கள். அதன் பக்கத்திலேயே வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி போல் இன்னொன்று இருந்தால் அது பியூஸ். அது சாதாரண அறையிலும் குளிரிலும் இணைப்புக் காட்ட வேண்டும்.

நுவரெலியாவில் இருக்கிறோம். பிரீசரில் இறைச்சி இளகிவிடுகிறது, கீழே மட்டும் குளிராக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றியும் அப்படியே. படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

இந்தக் கேள்வி கொழும்பிலிருந்து ஒருநாளும் வராது. தெர்மோஸ்டாட் நல்லதுதான், குற்றவாளி உங்கள் ஊர். 1,868 மீட்டர் உயரத்தில் தை, மாசி இரவுகளில் புல்லில் பனி உறையும் இடம் அது. உங்கள் படத்தில் தெர்மோஸ்டாட்டின் வால் கீழ்ப்பகுதியில் முடிகிறது. அதாவது, கீழ்ப்பகுதி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்தே கம்ப்ரசர் ஓடுகிறது. அறையே 10, 12 பாகை என்றால் கீழ்ப்பகுதி தானாகவே ஏறக்குறைய போதுமான குளிரில் இருக்கும். கம்ப்ரசர் எப்போதாவதுதான் ஓடும். மேலே பிரீசர் உறைந்து நிற்க அந்த ஓட்டம் போதாது.

பிரிட்ஜின் பெரிய லேபிளில் இதற்கான எழுத்து இருக்கிறது. T என்றால் சுற்றுப்புறம் 16 முதல் 43 பாகை வரை இருக்கும் இடத்துக்குச் செய்தது. ST என்றால் 16 முதல் 38, N என்றால் 16 முதல் 32. SN மட்டும் 10 பாகை வரை தாங்கும். நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் சூட்டு ஊர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஆகவே மூன்றாவது தெர்மோஸ்டாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பிரிட்ஜைப் பின் வராந்தாவிலிருந்து அடுப்பு எரியும் சமையலறைக்கு மாற்றுங்கள். ஒரு சில வகைகளில் குளிர்காலத்துக்கென்று தனி சுவிட்ச் உண்டு. உங்கள் படத்தில் விளக்குக் கூட்டில் தெரியவில்லை. வால் பிரீசர் தகட்டிலேயே முடியும் ஒற்றைக் கதவு வகையில் இந்தத் தொல்லை இவ்வளவு வராது.

வாஷிங் மெஷினில் டிரெயின் பம்ப் எது?

முன்பக்கம் திறக்கும் மெஷினாக இருந்தால் வேலை சுலபம். கீழே மூலையில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் திருகிக் கழற்றும் வடிகட்டி. அந்த வடிகட்டிக் கூட்டின் பின்புறத்தில் பம்ப் மாட்டியிருக்கும். மெஷினைச் சாய்த்து அடியில் படம் எடுத்தால் இரும்புத் தகடுகளை அடுக்கிவைத்த சின்ன மோட்டார், அதைச் சுற்றிய காயில், பக்கத்தில் பிளாஸ்டிக் நத்தைக் கூடு போன்ற ஒன்று தெரியும். நத்தைக் கூட்டுக்குள் தொட்டியிலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் வரும், வெளியே போகும் நெளிக் குழாய் ஒன்று புறப்படும். வயர் இரண்டே இரண்டு. லேபிளில் 220-240V, 50Hz, ஏறத்தாழ 30W என்று இருக்கும்.

வடிகட்டியைத் திறக்கும் முன் அகலமான தட்டு வையுங்கள். உள்ளே இரண்டு மூன்று லீட்டர் தண்ணீராவது நிற்கும். ஊசி, நாணயக் குற்றி, பள்ளிச் சட்டைப் பொத்தான் எல்லாம் அங்கேதான் அகப்படும்.

மேலே திறக்கும் மெஷின். அடியில் எடுத்த படத்தில் பம்ப் போலவே ஒன்று இருக்கிறது. கண்டியில் பம்ப் வாங்கிவிட்டேன், பொருந்தவில்லை. ஏன்?

தலவாக்கலையில் இருக்கும் ஓர் ஆசிரியை அனுப்பிய கேள்வி. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பணம் பலர் கையிலிருந்து போயிருக்கிறது. அவருடைய படத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. வயர் இரண்டு வந்தன. அதுவரை பம்ப் மாதிரிதான். ஆனால் அதற்குள் ஒரு குழாயும் போகவில்லை, அதிலிருந்து ஒரு குழாயும் வரவில்லை. குழாய் சேராத ஒன்று எப்படித் தண்ணீரை இறைக்கும்? பெட்டியிலிருந்து ஒரு கம்பி நீண்டு, பக்கத்திலிருந்த வளைந்த குழாய்க்குள் இருக்கும் அடைப்பானின் கொக்கியில் மாட்டியிருந்தது. அது இழுவை மோட்டார். மின்சாரம் வந்தால் கம்பியை இழுக்கும், அடைப்பான் திறக்கும், தண்ணீர் தன் பாரத்தால் தானே இறங்கும். அந்த மெஷினில் பம்ப் என்ற பாகமே கிடையாது. மேலே திறக்கும் மெஷின்களில் பல இப்படித்தான். இரட்டைத் தொட்டி மெஷினில் இந்த இழுவை மோட்டார்கூட இல்லை. நீங்கள் திருப்பும் குமிழே வாரை இழுத்து அடைப்பானைத் தூக்குகிறது.

சரி, தண்ணீர் ஏன் போகவில்லை? நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். தொட்டியில் கால்வாசி என்றார். முதலில் வேகமாகப் போய், பிறகு அப்படியே நின்றுவிடுகிறதாம். மோட்டார் இழுக்காவிட்டால் ஒரு சொட்டும் போயிருக்காது. கால்வாசியில் நிற்கிறது என்றால் அடைப்பான் திறக்கிறது, தடை வெளியே இருக்கிறது. கழிவுக் குழாயின் படம் கேட்டேன். குளியலறைக்குப் புதிதாகச் சீமெந்துக் கட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். குழாயின் நுனியை முழங்கால் உயரத்தில் அந்தக் கட்டின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தன் பாரத்தால் இறங்கும் தண்ணீர் மேடு ஏறாது. நுனியைத் தரையில் இறக்கினார். பத்து நிமிடத்தில் "போய்விட்டது அண்ணன்" என்று செய்தி வந்தது. வாங்கிய பம்பைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

பின்பக்கம் மேலே நீலக் காயிலோடு ஒன்று இருக்கிறதே, அதுவும் பம்பா?

அது தண்ணீர் உள்ளே வரும் வால்வு. குழாயிலிருந்து வரும் ஹோஸ் திருகும் மரையைப் பார்த்தாலே தெரியும். மீட்டரும் பிரித்துக் காட்டும்: டிரெயின் பம்பின் காயில் 100 முதல் 200 ஓம் அளவில் இருக்கும், வால்வின் காயில் சில ஆயிரம் ஓம் காட்டும். பீலித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் அந்த மரைக்குள் இருக்கும் சல்லடையில் மணலும் இலைத்தூளும் அடைத்துக்கொள்ளும். "தண்ணீர் வருவதில்லை" என்பதற்கு முதலில் அதைத்தான் கழுவ வேண்டும்.

பம்பின் இறக்கையை விரலால் சுற்றினால் சிக்கிச் சிக்கிச் சுற்றுகிறது. போய்விட்டதா?

இல்லை. உள்ளே சுழல்வது காந்தம். அது இரும்புத் தகடுகளோடு ஒட்டிக்கொண்டு அரைச் சுற்றுக்கு ஒரு தடவை பிடிப்பது போலத்தான் இருக்கும். கெட்ட பம்ப் இதற்கு மாறாக நடக்கும்: ஒன்று கல் போல அசையாது, இல்லையேல் எந்தப் பிடிப்புமின்றிக் காற்றாடி போலச் சுழலும், அதாவது இறக்கை தண்டிலிருந்து கழன்றுவிட்டது. பக்கத்திலிருந்து படமெடுத்து, இறக்கையைச் சற்று ஆட்டி மறுபடி ஒரு படம் எடுத்தால் தண்டு தேய்ந்து ஆடுவது எனக்குத் தெரியும்.

மெஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது, பம்ப் நிற்காமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பம்பின் படம் இதோ. மாற்றவா?

பம்பின் படம் வேண்டாம், குழாய் முடியும் இடத்தின் படம் அனுப்புங்கள் என்றேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு சரிவு வீடு. மெஷின் பின் வராந்தாவில். கழிவுக் குழாயைப் பின்புறக் கிளிப்பிலிருந்து விடுவித்து, நீளம் கூட்டி, ஆறடி கீழே இருக்கும் கானில் விட்டிருந்தார்கள். மலைநாட்டு வீட்டில் இது மிக இயல்பான யோசனை; மெஷின் செய்தவருக்கு அது தோன்றியிருக்காது. முன்பக்கம் திறக்கும் மெஷினில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த அடைப்பான் கிடையாது. குழாய் மேலே எழுந்து போவதுதான் தடுப்பு. அதைக் கீழே தொங்கவிட்டால் பிடிக்கும் தண்ணீர் எல்லாம் அப்படியே சரிவில் இறங்கிப் போகும். பம்ப் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறது.

உறுதி செய்ய ஒரு வழி: தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே வரும் தண்ணீர் நிற்கும். குழாய் நுனியில் இன்னும் ஓடினால் பம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு குழாயைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, அகலமான ஒரு பிவிசி குழாயின் திறந்த வாயில் தளர்வாகச் செருகுங்கள். இறுக்கி அடைக்க வேண்டாம், காற்றுப் போக இடம் வேண்டும். அந்தப் பிவிசி குழாய் எத்தனை அடி கீழே போனாலும் கவலையில்லை.

படத்தைப் பார்த்தே பழுதா இல்லையா என்று சொல்லிவிட முடியாதா?

எது என்று சொல்ல முடியும். எப்படி இருக்கிறது என்று சிலவற்றில் மட்டுமே சொல்ல முடியும். கம்ப்ரசர் குழாய் ஒட்டில் எண்ணெய்க் கசிவு, கருகிய முனை, பச்சை பூத்த வயர், உடைந்த இறக்கை ஆகியவை படத்தில் தெரியும். எண்ணெய் கசிந்த இடத்தில் பெரும்பாலும் வாயுவும் போயிருக்கும். ஆனால் கம்ப்ரசரின் உள்ளே சுற்று எரிந்திருந்தால் வெளியே அது புதுக் குடம் போலப் பளபளக்கும்.

அதற்கு மீட்டர் வேண்டும். பிளக்கைக் கழற்றி, ரிலேயை எடுத்துவிட்டு, மூன்று ஊசிகளையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். சமீபத்தில் ஒருவர் அளந்து அனுப்பிய கணக்கு 14, 22, 36 ஓம். சிறிய இரண்டைக் கூட்டினால் பெரியது வருகிறது, ஆகவே சுற்றுகள் அறவில்லை. அடுத்து ஒவ்வொரு ஊசிக்கும், வண்ணம் சுரண்டிய இரும்பு உடம்புக்கும் இடையே இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பிரிட்ஜை மறுபடி சொருகாதீர்கள். இன்வெர்ட்டர் வகையில் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அதைப் பார்த்துக் கூட்டல் தப்பு என்று கலங்க வேண்டாம்.

பார்க்க அப்படியே இருக்கும் பாகம் கடையில் இருக்கிறது, எண் மட்டும் வேறு. வாங்கலாமா?

பாகத்தைப் பொறுத்தது. டிரெயின் பம்பில் எண்ணைவிட மாட்டும் விதம் முக்கியம்: திருகாணி எத்தனை அல்லது திருப்பிப் பூட்டும் காது எத்தனை, வயர் குத்தும் முனை எந்தப் பக்கம், வாட் அளவு என்ன. இவை ஒத்துப்போனால் பெரும்பாலும் ஓடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே படமாக அனுப்பினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். தெர்மோஸ்டாட்டில் அப்படி முடியாது. உருவம் ஒன்றாக இருக்கும், நிற்கும் குளிர் வேறாக இருக்கும். கீழ்ப்பகுதியில் தக்காளிக்கும் முட்டைக்கும் ஐஸ் பிடித்துவிடும். வாலின் நீளமும் பழையதற்குக் குறையக் கூடாது.

கம்ப்ரசரில் வாயுவின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். அதோடு திறனும் பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிது போட்டால் நன்றாகக் குளிரும் என்று எண்ணி வாங்கிய ஒருவரின் பிரிட்ஜ் இப்போது என் கடையில்தான் நிற்கிறது.